பணம் போனதா, இல்லையா? வங்கிச் செயலியை வெளியிடும் முன் நடக்கும் சோதனை

கைபேசி வங்கிச் செயலியின் புதிய பதிப்பை வெளியிடும் முன் ஒரு சோதனைத் திட்டம் எழுதப்படுகிறது. எந்தெந்த போன்களில் சோதிப்பது, எவ்வளவு மோசமான நெட்வொர்க்கில் சோதிப்பது, என்ன நடந்தால் வெளியீட்டை நிறுத்துவது என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். செயலியை உருவாக்குபவர்களின் மேசையில் புதிய போனும் வேகமான வைஃபையும் இருக்கும்; அங்கே எல்லாமே சரியாக ஓடும். வாடிக்கையாளர் கையில் இருப்பதோ நான்கு வருடப் பழைய போன், விட்டுவிட்டு வரும் சிக்னல். போனின் குறையைத் தனியாகச் சோதித்தால் செயலி தேறிவிடும். நெட்வொர்க்கின் குறையைத் தனியாகச் சோதித்தாலும் தேறிவிடும். இரண்டும் ஒரே நிமிடத்தில் சேரும்போதுதான் பணம் இரண்டு முறை போகிறது. அந்தச் சேர்க்கையைத் தேடிப் பிடிப்பதே இந்தத் திட்டத்தின் முதல் வேலை. இந்திய வங்கி ஒன்றின் ஆண்ட்ராய்டு செயலியில், ஐஎம்பிஎஸ் வழியாகப் பணம் அனுப்பும் பகுதியை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது தெளிவாகும்.

எந்த போன்கள்?

போன்களின் பட்டியலைக் கடையில் தேட வேண்டியதில்லை. வங்கியின் சர்வரிலேயே அது இருக்கிறது. வாடிக்கையாளர் உள்நுழையும் ஒவ்வொரு முறையும் போனின் மாடலும் ஆண்ட்ராய்டு பதிப்பும் பதிவாகின்றன. கடைசி மூன்று மாதப் பதிவுகளை எண்ணிக்கை வாரியாக அடுக்கினால், மேலே சில மாடல்கள் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். கீழே ஆளுக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான மாடல்கள் நீளும். மேலே இருப்பவற்றை அப்படியே வாங்கிவிடலாம். கீழே இருப்பவற்றை மாடல் மாடலாக வாங்கிச் சோதிக்க எந்த வங்கியாலும் முடியாது. அங்கே பெயரைப் பார்க்காமல் குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குணங்கள் சிலவே. 2 ஜிபி நினைவகம் உள்ள போன் ஒன்று. செயலி ஏற்கும் மிகப் பழைய ஆண்ட்ராய்டு பதிப்பில் ஓடும் போன் ஒன்று, மிகப் புதிய பதிப்பில் ஓடும் போன் ஒன்று. ஷாவ்மி, விவோ, ஒப்போ, சாம்சங் போன்றவை ஆண்ட்ராய்டின் மேல் தத்தம் மென்பொருளைப் போர்த்தி விற்பதால், ஒவ்வொன்றிலும் ஒன்று. சிறிய திரை கொண்டது ஒன்று. ஒரே போனில் இரண்டு மூன்று குணங்கள் சேர்ந்திருக்கும் என்பதால், பத்து போன்களுக்குள் இந்தப் பட்டியல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வாங்கிய போனை அப்படியே பயன்படுத்தினால் சோதனை பொய்யாகிவிடும். வாடிக்கையாளரின் போனில் சேமிப்பிடம் நிரம்பி வழிகிறது. வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் யூடியூபும் பின்னணியில் நினைவகத்துக்குப் போட்டி போடுகின்றன. சோதனை போனிலும் அந்தச் செயலிகளை நிறுவி, சேமிப்பிடத்தில் சில நூறு எம்பி மட்டுமே மிச்சம் இருக்கும்படி நிரப்பிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வங்கிச் செயலிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கணினியில் ஓடும் போலி போனிலோ, ரூட் செய்யப்பட்ட போனிலோ, யூஎஸ்பி டீபக்கிங் இயக்கப்பட்ட போனிலோ ஓட மறுக்கும்படி பல வங்கிகள் தங்கள் செயலியை அமைத்திருக்கின்றன. பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் சோதிப்பவரின் கருவிகளும் அதே கதவில்தான் தடுக்கப்படுகின்றன. எனவே இந்தத் தடைகளை நீக்கிய சோதனைப் பதிப்பு ஒன்று தனியாகத் தேவைப்படும். அதில் எல்லாம் தேறிய பிறகு, கடைக்குப் போகப்போகும் அசல் பதிப்பையே கருவி எதுவும் இணைக்காமல் கையால் ஒரு சுற்று சோதிக்க வேண்டும். வெளியிடும் பதிப்பில் நிரலைச் சுருக்கும்போது தேவையான பகுதியும் சேர்ந்து வெட்டுப்படுவது உண்டு. சோதனைப் பதிப்பில் ஓடியது இதில் ஓடாமல் போகலாம்.

போன் தரும் தொல்லைகள்

நினைவகம் குறைந்த போனில், திரையில் இல்லாத செயலியை ஆண்ட்ராய்டு எந்த நேரத்திலும் நிறுத்திவிடும். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகச் சில நிறுவனங்களின் மென்பொருள் இதை இன்னும் கடுமையாகச் செய்கிறது. வாடிக்கையாளர் திரும்பி வரும்போது, விட்ட இடத்திலேயே திரை மீண்டும் கட்டி எழுப்பப்படும். ஆனால் செயலி தன் நினைவில் மட்டும் வைத்திருந்த தகவல் எல்லாம் போயிருக்கும். இதை வேண்டும்போது வரவழைக்க, செயலியைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டுக் கணினியிலிருந்து இந்தக் கட்டளையைக் கொடுக்கலாம்:

```
adb shell am kill com.example.bank
```

சமீபத்திய செயலிகளின் பட்டியலில் விரலால் தள்ளி மூடுவது இதற்கு ஈடாகாது. அப்படி மூடினால் செயலி முதல் திரையிலிருந்து புதிதாகத் தொடங்கும். பாதியில் செத்து எழும் நிலை வராது. பல சோதனைகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தேறிவிடுகின்றன.

இரண்டாவது தொல்லை சிம். பதிவு செய்யும்போது செயலி வாடிக்கையாளரின் போனிலிருந்து வங்கிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறது. அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பார்த்துத்தான் அந்த போனைக் கணக்கோடு பிணைக்கிறார்கள். இரட்டை சிம் போனில் வங்கியில் பதிந்த எண் இரண்டாவது இடத்திலும், குறுஞ்செய்திக்கான இயல்பு சிம் முதல் இடத்திலும் இருந்தால் என்ன ஆகும்? சிம்மில் வேலிடிட்டி முடிந்து குறுஞ்செய்தியே போகவில்லை என்றால்? போன செய்தி செயலியின் காத்திருப்பு நேரம் முடிந்த பிறகு வங்கியைச் சேர்ந்தால்? மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே மாதிரி 'பதிவு தோல்வி' என்று காட்டினால் தேர்ச்சி இல்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்திக் கட்டணம் விழக்கூடும் என்பதால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் செயலி சொல்ல வேண்டும்.

மூன்றாவது எழுத்து. பார்வை மங்கிய பெரியவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். சிறிய திரை, பெரிய எழுத்து, நீளமான தமிழ்ச் சொற்கள் மூன்றும் சேர்ந்தால் 'உறுதிப்படுத்து' பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். அதைவிட ஆபத்து, தொகையின் கடைசி இலக்கம் வெட்டுப்பட்டு ₹20,000 என்பது ₹2,000 போலத் தெரிவது. எழுத்தளவை 1.3 மடங்காக வைத்து, தொகையும் பெறுபவரின் பெயரும் முழுதாகத் தெரிகின்றனவா என்று ஒவ்வொரு திரையிலும் பார்க்க வேண்டும்.

மோசமான நெட்வொர்க்கை உருவாக்குதல்

'மெதுவான நெட்' என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன: ஒரு நொடிக்குப் போகும் தரவின் அளவு, ஒரு தரவு போய்ச் சேர எடுக்கும் தாமதம், வழியில் தொலையும் தரவின் விகிதம். வங்கிச் செயலி அனுப்பும் தரவு மிகச் சிறியது. அதனால் முதல் குறையைவிட மற்ற இரண்டும்தான் அதை அதிகம் வாட்டுகின்றன.

தாமதம் எப்படிப் பெருகுகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு செய்தி சர்வருக்குப் போய்ப் பதில் திரும்ப 700 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய இணைப்பை ஏற்படுத்த ஒரு சுற்று, டிஎல்எஸ் 1.2 முறைப்படி பாதுகாப்பு உறுதிமொழிக்கு இரண்டு சுற்று, கோரிக்கைக்கு ஒரு சுற்று என நான்கு சுற்றுகள் தேவை. ஆக, முதல் பதில் வரவே 2.8 நொடி. உள்நுழைந்த உடனே இருப்பு, அறிவிப்பு, விளம்பரம் என்று எட்டுக் கோரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் செயலியில் மேலும் ஐந்தரை நொடிக்கு மேல் கூடும். தரவு வேகத்தை எவ்வளவு உயர்த்தினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. கோரிக்கைகளைச் சேர்த்து அனுப்பினால்தான் குறையும்.

இந்தக் குறைகளை அலுவலகத்திலேயே உருவாக்கலாம். லினக்ஸ் கணினி ஒன்றை வைஃபை இணைப்பிடமாக மாற்றி, சோதனை போனை அதனோடு இணைத்து, இந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும்:

```
tc qdisc add dev wlan0 root netem delay 300ms 100ms loss 5% rate 80kbit
```

இதன்படி போனுக்குப் போகும் ஒவ்வொரு தரவும் 300 மில்லிநொடி, 100 கூடவோ குறையவோ, தாமதமாகும். நூற்றில் ஐந்து தொலையும். வேகம் நொடிக்கு 80 கிலோபிட்டைத் தாண்டாது. இந்த விதி போனுக்கு வரும் திசையை மட்டுமே கட்டுப்படுத்துகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. போனிலிருந்து போகும் திசைக்கு, கணினியின் மறுபக்க இணைப்பில் இதே போன்ற விதி தனியாகப் போட வேண்டும்.

திட்டத்தில் ஐந்து நிலைகள் போதும். நல்ல 4ஜி. மேலே சொன்ன 2ஜி போன்ற நிலை. இருபது நொடி வந்து பத்து நொடி அறுந்துபோகும் சிக்னல். டேட்டா பேக் தீர்ந்ததால் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிந்தும் தரவு மட்டும் போகாத நிலை. கடைசியாக, பணம் அனுப்பும் நடுவே வைஃபை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுவது. கடைசி நிலையில் போனின் இணைய முகவரியே மாறிவிடுவதால், முகவரியை நம்பி உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர் வாடிக்கையாளரை வெளியே தள்ளிவிடும்.

அலுவலகத்தில் உருவாக்க முடியாதவை களத்துக்கு உரியவை. ஓடும் பேருந்து, லிஃப்ட், அடித்தள வாகன நிறுத்தம் ஆகியவற்றில் கோபுரம் மாறும். சிக்னல் 4ஜியிலிருந்து 2ஜிக்கு விழும். டேட்டா ஒரு சிம்மில் ஓடிக்கொண்டிருக்கும்போது மற்ற சிம்மில் அழைப்பு வந்தால் பல போன்களில் டேட்டா நின்றுவிடும். இவற்றுக்கு இரண்டு பேரும் ஒரு நாளும் ஒதுக்கினால் போதும்.

இரண்டாயிரம் ரூபாயும் நான்கு வெட்டுகளும்

திட்டத்தின் மையம் இந்தச் சோதனை. சோதனைக் கணக்கில் ₹5,000 இருக்கிறது. அதிலிருந்து ₹2,000 அனுப்ப வேண்டும். இருப்பு அனுப்பும் தொகையின் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது கட்டாயம். ₹3,000 மட்டும் வைத்துச் சோதித்தால், தவறாக இரண்டாம் முறை போகும் கோரிக்கை இருப்பு போதாமல் திரும்பிவிடும். கோளாறு இருந்தும் சோதனை தேறிவிடும்.

முதல் வெட்டு, கோரிக்கை போனை விட்டுக் கிளம்பும் முன். விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினால், பணம் அனுப்பப்படவில்லை என்று செயலி உறுதியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வெட்டு, கோரிக்கை வங்கியைச் சேர்ந்த பிறகு, பதில் போனுக்கு வரும் முன். பதிவுத் தபால் சேர்ந்துவிட்டது, ஒப்புகை அட்டை மட்டும் வழியில் தொலைந்துவிட்டது என்பது போன்ற நிலை இது. அனுப்பியவருக்குத் தபால் சேர்ந்ததா என்று தெரியாது. போனுக்கும் அப்படித்தான். இங்கே 'தோல்வி' என்று காட்டுவது பொய். 'நிலை சரிபார்க்கப்படுகிறது' என்றுதான் காட்ட வேண்டும். இந்த நொடியைப் பிடிக்க, சிக்னலைக் கையால் துண்டித்துப் பார்ப்பது வீண். நூறு முறை செய்தாலும் சரியான நொடி வாய்க்காது. கோரிக்கையை ஏற்றுப் பற்றும் வைத்துவிட்டு, பதில் தராமல் இணைப்பை மூடும்படி சோதனைச் சர்வரையே அமைத்துவிட வேண்டும்.

மூன்றாவது வெட்டு, வங்கிக்கும் பெறுபவரின் வங்கிக்கும் இடையே. இங்கே வங்கிக்கே உடனடி விடை தெரியாது. சோதனைச் சர்வர் 20 நொடி கழித்துப் பதில் தரும்படி வைத்தால் ஒரு பொதுவான தவறு வெளிப்படும். ஆண்ட்ராய்டு செயலிகளில் பரவலாகப் பயன்படும் OkHttp நூலகம், தனியாகச் சொல்லாவிட்டால் பதிலுக்கு 10 நொடிதான் காத்திருக்கும். பத்தாவது நொடியில் போன் 'தோல்வி' என்கிறது. இருபதாவது நொடியில் பணம் போய்ச் சேர்கிறது. போனின் காத்திருப்பு சர்வரின் காத்திருப்பைவிட நீளமாக இருக்க வேண்டும். அதுவும் தீர்ந்துவிட்டால் நிலையை விசாரிக்கும் வழி இருக்க வேண்டும்.

நான்காவது வெட்டு, செயலியே நின்றுபோவது. போனின் குறையும் நெட்வொர்க்கின் குறையும் கைகோக்கும் இடம் இதுதான். வாடிக்கையாளர் பொத்தானை அழுத்துகிறார். திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் போனதா என்று பார்க்கக் குறுஞ்செய்திப் பெட்டிக்குப் போகிறார். 2 ஜிபி போன் அந்த இடைவெளியில் செயலியை நிறுத்திவிடுகிறது. அவர் திரும்பி வரும்போது தொகையும் பெயரும் நிரம்பிய அதே படிவம், இன்னும் அனுப்பாதது போல நிற்கிறது. மறுபடி அழுத்துகிறார். இருப்பு ₹1,000.

இதைத் தடுப்பது கோரிக்கை எண். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் போன் ஒரு தனி எண்ணை உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்புகிறது. அதே எண் இரண்டாம் முறை வந்தால், சர்வர் புதிதாகப் பற்று வைக்காமல் முதல் முறையின் முடிவையே திருப்பிச் சொல்கிறது. எண் எப்போது பிறக்கிறது, எங்கே வைக்கப்படுகிறது என்பதில்தான் தவறு நேர்கிறது. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் எண் புதிதாகப் பிறந்தால் பாதுகாப்பே இல்லை. உறுதித் திரை திறக்கும்போதே பிறந்து, நினைவகத்தில் மட்டும் இருந்தால் இரண்டாவது வெட்டில் தேறும். செயலி செத்ததும் எண்ணும் சாவதால் நான்காவதில் தோற்கும். கோரிக்கை கிளம்பும் முன்பே போனின் சேமிப்பிடத்தில் எழுதப்பட்டு, செயலி திரும்பத் திறந்ததும் முதல் வேலையாக அந்த எண்ணின் நிலை விசாரிக்கப்பட்டால் மட்டுமே நான்கிலும் தேறும்.

விளைவைத் திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. போன் திரை சொல்வது, சர்வரில் பதிவான கோரிக்கை எண்கள், கணக்கேட்டில் விழுந்த பற்று ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கோரிக்கை எண்ணுக்கு ஒரு பற்று, திரையிலும் அதே முடிவு. மூன்றும் ஒத்துப்போனால்தான் தேர்ச்சி.

மூன்றாவது வெட்டில் பணம் பெறுபவரைச் சேராமல் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஐஎம்பிஎஸ்ஸில் கணக்கிலிருந்து கழிந்து பெறுபவருக்குச் சேராத பணம், பரிமாற்றம் நடந்த நாளுக்கு அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீடு உண்டு. செயலி அந்தக் காலவரம்பை வாடிக்கையாளருக்குக் காட்டுகிறதா என்பதும் சோதனைப் பட்டியலில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

எவ்வளவு சோதித்தால் போதும்?

பத்து போன்கள், ஐந்து நெட்வொர்க் நிலைகள், முப்பது பணிகள் என்று பெருக்கினால் 1,500 ஓட்டங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அத்தனையையும் செய்ய முடியாது; செய்யவும் வேண்டாம். பணம் நகரும் பணிகளையும் நான்கு வெட்டுகளையும் நலிந்த மூன்று போன்களில் ஐந்து நெட்வொர்க் நிலைகளிலும் முழுதாகச் செய்ய வேண்டும். இருப்பு பார்ப்பது, அறிக்கை இறக்குவது போன்றவற்றை எல்லா போன்களிலும் நல்ல நெட்டிலும் 2ஜி நிலையிலும் பார்த்தால் போதும். எழுத்தும் திரையும் நெட்வொர்க்கைச் சார்ந்தவை அல்ல; அவற்றை ஒரே நிலையில் முடித்துவிடலாம்.

நிறுத்தும் விதியை, சோதனை தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். ஒரே ஒரு இரட்டைப் பற்று வந்தாலும் வெளியீடு இல்லை. போன பணத்துக்கு ஒரு முறை 'தோல்வி' என்று காட்டினாலும் இல்லை. இவற்றுக்குச் சதவீதக் கணக்கு கிடையாது. படம் மெதுவாக வருவது, நிறம் பிசகுவது போன்றவற்றைக் குறித்துவைத்து அடுத்த பதிப்பில் திருத்தலாம்.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியீடு

சோதனை முடிந்ததும் வங்கி ஊழியர்கள் தங்கள் சொந்த போன்களில் சிறு தொகைகளை அனுப்பிப் பார்க்கும் சுற்று ஒன்று உண்டு. அதன்பின் கூகுள் பிளேயில் புதிய பதிப்பை முதலில் நூற்றில் ஒருவருக்கு மட்டும் தரலாம். ஆப்பிளின் கடையில் படிப்படி வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால் ஏழு நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று தானாக ஏறும். ஆண்ட்ராய்டில் எப்போது ஏற்றுவது என்பது வங்கியின் கையில் இருக்கிறது. சம்பளம் விழும் மாதத் தொடக்க நாட்களைக் கடக்காமல் பெரிய அளவுக்கு ஏற்றாமல் இருப்பது நல்லது.

இந்த நாட்களில் மொத்தச் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு நாளில் செயலியைப் பயன்படுத்துவோரில் 1.09 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அது கண்முன்னே முறிந்து விழுந்தால், கூகுள் அதை மோசமான செயலி என்று கணக்கிடுகிறது. ஒரு குறிப்பிட்ட போன் மாடலுக்கு அந்த வரம்பு 8 சதவீதம். மொத்தம் அரை சதவீதமாகவே இருந்தாலும் ஒரே ஒரு மாடலில் பத்தைத் தாண்டியிருக்கக்கூடும். எனவே மாடல் வாரியாகவும், நெட்வொர்க் வகை வாரியாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும். முடிவு தெரியாமல் நிற்கும் பரிமாற்றங்களின் எண்ணிக்கையைப் பழைய பதிப்போடு ஒப்பிட வேண்டும். அது ஏறினால், புகார் வரும் முன்பே கோளாறு தெரிந்துவிடும்.

படிப்படி வெளியீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. நிறுத்தினால் புதியவர்களுக்குப் போவது நிற்குமே தவிர, ஏற்கெனவே பெற்றவர்களின் போனிலிருந்து அந்தப் பதிப்பைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே குறிப்பிட்ட பதிப்பில் பணம் அனுப்பும் வசதியை மட்டும் சர்வரிலிருந்தே அணைக்கும் சுவிட்ச் ஒன்று முன்கூட்டியே இருக்க வேண்டும். அந்தச் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்காத திட்டம் முடிந்த திட்டம் ஆகாது.